எந்த நேர நிலவரப்படி?

ஒரே மாத விற்பனையை இரண்டு பேர் இரண்டு எண்ணாகச் சொல்ல, மீட்டிங் முழுக்க "உன் கணக்கு தப்பா, என் கணக்கு தப்பா" என்று போவதை ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். ஒன்று 1ஆம் தேதி காலையில் எடுத்தது, மற்றது 5ஆம் தேதி எடுத்தது, நடுவில் தாமதமாக வந்த பில்களும் ரிட்டர்ன்களும் போன மாதத் தேதியிலேயே உள்ளே ஏறியிருக்கும். இரண்டிலும் "மார்ச் விற்பனை" என்று மட்டும் இருந்தால் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

அதனால் என் ரிப்போர்ட் எல்லாவற்றிலும் மேலே இரண்டு வரி இருக்கும்.

```
காலம்: 2025-03-03 00:00 முதல் 2025-03-10 00:00-க்கு முன்பு வரை (UTC)
நிலவரம்: 2025-03-08 23:00 வரை (UTC)
```

முதல் வரி எந்த நாட்களைக் கேட்டோம் என்று சொல்கிறது, இரண்டாவது அந்த நாட்களில் எதுவரைக்கும் டேட்டா உண்மையில் கையில் இருந்தது என்று சொல்கிறது. முதல் வரியில் "முன்பு வரை" என்று வளைத்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நேரத்தோடு பதிவாகும் நெடுவரிசையில் `BETWEEN '2025-03-03' AND '2025-03-09'` என்று போட்டால் 9ஆம் தேதியில் நள்ளிரவு 00:00 மணிக்குப் பதிவானது மட்டும்தான் வரும், ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட முழுசாகக் காணாமல் போய்விடும். `>=` தொடக்கம், `<` அடுத்த நாள் என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

சரி, இரண்டாவது வரிக்கு வருகிறேன், சிக்கலே அங்கேதான். நிறைய பேர் அங்கே ரிப்போர்ட் ஓடிய நேரத்தைப் போட்டுவிடுகிறார்கள். `now()` என்று ஒரு வார்த்தை அடித்தால் வேலை முடிந்தது, ஆனால் நமது புரோகிராம் எப்போது எழுந்தது என்பதைத்தான் அது சொல்லும். டேட்டா பற்றி ஒன்றும் சொல்லாது.

மேலே உள்ள வாரத்தையே எடுத்துக்கொள்வோம். வலைத்தள ஆர்டர் ஒரு வழியில் வருகிறது, கடை பில்லிங் இன்னொரு வழியில் ஃபைலாக வருகிறது. திங்கள் காலை 7 மணிக்கு ரிப்போர்ட் ஓடும்போது வலைத்தளக் கணக்கு ஞாயிறு நள்ளிரவு வரை முழுசாக இருக்கிறது, கடை ஃபைல் சனி இரவு 11 மணியோடு நின்றுவிட்டது. மொத்தத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது, ஞாயிறு கொஞ்சம் மந்தம் என்று தோன்றும், அவ்வளவுதான். ஞாயிறு பூஜ்யம் என்று வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். பாதி மட்டும் வந்த எண்ணை யாரும் கேட்பதில்லை, "கடைகளில் ஞாயிறு வியாபாரம் ஏன் படுத்தது" என்று காரணம் தேடத்தான் கிளம்புவார்கள்.

இங்கே மொத்த டேபிளுக்கும் `MAX(loaded_at)` எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை, வலைத்தளம் நேரத்துக்கு வந்திருப்பதால் எல்லாம் புதுசு என்றுதான் காட்டும். ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக எதுவரை வந்தது என்று பார்த்து, அதில் மிகப் பின்தங்கியதை எடுக்க வேண்டும்:

```sql
SELECT MIN(last_covered) FROM (
  SELECT source, MAX(covered_until) AS last_covered
  FROM load_log GROUP BY source
) t;
```

`loaded_at` இல்லாமல் `covered_until` போட்டிருப்பதைக் கவனியுங்கள். காலை 6 மணிக்கு வந்த ஃபைலுக்குள் முந்தின இரவு 11 மணி வரைக்கும்தான் கணக்கு இருக்கலாம், நமக்கு வேண்டியது அந்த 11 மணி. ஆர்டர் டேபிளிலிருந்தே கடைசி ஆர்டர் நேரத்தை எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கடை மூடியிருந்த நாளில் ஆர்டர் இருக்காது, ஃபைல் வந்திருந்தாலும் பழசு என்று காட்டும். அதனால் ஏற்றும் வேலை தனியாக ஒரு பதிவு வைக்க வேண்டும், ஒரு வரிகூட இல்லாத ஃபைலுக்கும் "இதுவரை பார்த்தாயிற்று" என்று அதில் எழுத வேண்டும். இதைச் செய்யச் சொன்னால் டேட்டா ஏற்றும் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், அது வேறு கதை.

இதுவும் முழுத் தீர்வு இல்லை. மூன்று வாரம் கழித்து வரும் ரிட்டர்னை எந்த நிலவர வரியும் முன்கூட்டிச் சொல்லாது. ரிட்டர்ன் கழித்த தொகை என்றால் "பின்னால் மாறலாம்" என்று ஒரு சொல் சேர்த்துவிடுவேன்.

அப்புறம், இந்த வரிகளை மெயிலில் எழுதிப் பலனில்லை. மெயில் ஒருவரிடம் போகும், சார்ட்டை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்தில் ஒட்டிவிடுவார்கள். அதனால் சார்ட் தலைப்புக்குக் கீழேயே சின்ன எழுத்தில் போடுகிறேன், எக்செல் என்றால் முதல் வரிசையில். ஒருவர் அதைப் பார்த்துவிட்டு "இந்த வரிசையால் என் ஃபில்டர் கெட்டுப்போகிறது" என்றார். அவருக்கு மட்டும் ஃபைல் பெயரில் வைத்துக் கொடுத்தேன்.