மூக்கு சொன்ன பெயர்கள்

கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, கடையிலுள்ள மசாலா மூட்டைகளை மோந்தே பெயர் சொல்கிறேன் என்று சவால் விட்டாள் கடைக்காரரின் மகள். கிராம்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அது முதலில் ஏறிவிட்டால் மற்றவை மூக்கில் எடுபடாதாம். பெரிய கெட்டிக்காரிதான்!

மிளகு, ஏலக்காய், ஓமம் எல்லாம் நொடியில் முடிந்தன. மல்லியில் தயங்கினாள். முழு விதை தன் மணத்தை உள்ளேயே பூட்டி வைத்திருக்குமே. "இரண்டை நசுக்குங்கள் அப்பா" என்றாள். நசுக்கியதும் சொல்லிவிட்டாள்.

சோம்பும் அன்னாசிப்பூவும்தான் சிக்கல். இரண்டுக்கும் அந்த இனிப்பு மணத்தைத் தருவது அனெத்தோல் என்ற ஒரே பொருள். தன் சட்டைக் கையை முகர்ந்து மூக்கை ஆற்றிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். "இதில் கொஞ்சம் பச்சை வாடை இருக்கிறது, சோம்பு. அது கனத்த மணம், அன்னாசிப்பூ."

அடுத்த மூட்டையில் முகம் சுளித்தாள். "சீரகம். ஆனால் அடியில் ஈரம் பட்டிருக்கிறது."

"நேற்றுத்தானே வந்தது!" என்று சிரித்தபடி அப்பா கையை ஆழமாக விட்டார். பூஞ்சணம் பிடித்த கட்டி ஒன்று வந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு, மூட்டையை அனுப்பியவரின் தொலைபேசி எண்ணைத் தேடத் தொடங்கினார்.