பத்துக்கு ஆறு வந்த ஜாதகம் ஏன் நின்றது: வேதைப் பொருத்தம் பார்த்த அனுபவம்

தங்கைக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் பொருத்தம் பார்த்துப் பழக்கமில்லை. அப்பா, அம்மா திருமணம் சொந்தத்துக்குள் முடிந்தது, என்னுடையது காதல் திருமணம். தரகர் கொண்டுவந்த முதல் நல்ல இடத்துப் பையனுக்கு அனுஷம், விருச்சிக ராசி. தங்கைக்குப் பரணி, மேஷ ராசி. கைபேசிச் செயலியில் இரண்டு நட்சத்திரத்தையும் தேர்ந்தெடுத்தேன். பத்துக்கு ஆறு என்று வந்தது. கணம், மாகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி அதிபதி, வசியம் எல்லாம் பச்சை. அம்மா அன்றைக்கே பையன் வீட்டுக்குப் போன் போடச் சொன்னார்.

ஊர் ஜோசியர் அந்த ஆறைப் பார்க்கவே இல்லை. "தம்பி, பரணிக்கும் அனுஷத்துக்கும் வேதை. ரஜ்ஜுவும் தொடை. இந்த ரெண்டும் தட்டினா மத்தது எத்தனை வந்தாலும் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்றார். ரஜ்ஜு என்பது நட்சத்திரங்களைப் பாதம், தொடை, வயிறு, கழுத்து, சிரசு என்று ஐந்தாகப் பிரிப்பது, இருவருக்கும் ஒரே பிரிவு வரக் கூடாது என்பார்கள். செயலியிலும் வேதை சிவப்பில்தான் இருந்தது, கடைசி வரியில். பத்துப் பொருத்தத்தையும் ஆளுக்கு ஒரு மதிப்பெண் என்று கூட்டிச் சொல்லும்போது அந்தக் கடைசி வரி கண்ணில் படுவதில்லை.

வேதை என்றால் ஒன்றுக்கொன்று தடையாக நிற்பதாக நம்பப்படும் நட்சத்திரங்கள். தினப் பொருத்தம் போலப் பெண் நட்சத்திரத்திலிருந்து எண்ணிப் போகும் வேலை இதில் கிடையாது. பெண் பரணி, பையன் அனுஷம் என்றாலும் சரி, மாற்றி இருந்தாலும் சரி, முடிவு ஒன்றுதான். எந்தப் பாதம் என்றும் கேட்பதில்லை. ஆகவே எல்லாப் பொருத்தத்திலும் சரிபார்க்க மிக எளிதானது இதுதான், ஜோடிகள் தெரிந்தால் போதும்.

அஸ்வினிக்குக் கேட்டை, பரணிக்கு அனுஷம், கார்த்திகைக்கு விசாகம், ரோகிணிக்குச் சுவாதி. திருவாதிரைக்குத் திருவோணம், புனர்பூசத்துக்கு உத்திராடம், பூசத்துக்குப் பூராடம், ஆயில்யத்துக்கு மூலம். மகத்துக்கு ரேவதி, பூரத்துக்கு உத்திரட்டாதி, உத்திரத்துக்குப் பூரட்டாதி, அஸ்தத்துக்குச் சதயம். மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் மூன்றும் தங்களுக்குள் ஒன்றுக்கொன்று வேதை.

இதை மனப்பாடம் செய்ய முயன்று சலித்துப்போய், அஸ்வினியை 1 என்று வைத்து ரேவதி 27 வரை எண் போட்டுப் பார்த்தேன். ஒழுங்கு தெரிந்தது. முதல் நான்கு ஜோடியையும் கூட்டினால் 19 வருகிறது: பரணி 2, அனுஷம் 17. அடுத்த நான்கும் 28, கடைசி நான்கும் 37. மிருகசீரிடம் 5, சித்திரை 14, அவிட்டம் 23. ஐந்தும் பதினான்கும் 19, ஐந்தும் இருபத்துமூன்றும் 28, பதினான்கும் இருபத்துமூன்றும் 37. மூன்று ஏன் ஒன்றாக மாட்டிக்கொள்கின்றன என்பது இதில் விளங்கிவிடும். ஆனால் இதைத் திருப்பிப் போடக் கூடாது. 19 வருகிற எல்லாமே வேதை அல்ல. திருவாதிரை 6, அஸ்தம் 13, கூட்டினால் 19தான். அவற்றுக்கு வேதை இல்லை. எண்கள் நினைவுக்கு உதவும், முடிவு ஜோடிப் பட்டியலில்தான்.

அதே தாளில் ரஜ்ஜுவையும் எழுதியபோது இன்னொன்று தெரிந்தது. வேதை ஜோடி ஒவ்வொன்றும் ஒரே ரஜ்ஜுவில் இருக்கிறது. அஸ்வினி, கேட்டை இரண்டும் பாதம். பரணி, அனுஷம் தொடை. கார்த்திகை, விசாகம் வயிறு. ரோகிணி, சுவாதி கழுத்து. மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் மூன்றும் சிரசு. அப்படியானால் ஒரே ரஜ்ஜு கூடாது என்று கண்டிப்பாகப் பார்க்கும் வீட்டில் வேதையைத் தனியாகப் பார்க்க என்ன இருக்கிறது? ரஜ்ஜு சேர்ந்தாலே வேதை இருக்க வழியில்லையே. இதை ஜோசியரிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, "பையன் வீட்டு ஜோசியர் என்ன சொல்றார்னு கேட்டுட்டு வா" என்றார்.

பையன் வீட்டு ஜோசியர் ரஜ்ஜுவைத் தள்ளிவிட்டிருந்தார். அவர் கணக்குப்படி பரணி ஆரோகணம், அதாவது பாதத்திலிருந்து சிரசை நோக்கி ஏறும் வரிசையில் வருவது. அனுஷம் அவரோகணம், சிரசிலிருந்து பாதத்தை நோக்கி இறங்கும் வரிசை. ஒன்று ஏறவும் ஒன்று இறங்கவும் இருந்தால் ஒரே ரஜ்ஜு ஆனாலும் தோஷமில்லை என்று சில ஜோசியர்கள் விலக்கு கொடுக்கிறார்கள். வேதை பேச வருவது இங்கேதான். சிரசு மூன்றைத் தவிர்த்து, வேதை ஜோடிகள் எல்லாமே ஒன்று ஏறுவது, மற்றது இறங்குவது. அந்த விலக்கை ஏற்கிற வீட்டில் ரஜ்ஜுவைத் தாண்டி வந்த ஜாதகத்தை வேதை மறிக்கிறது. "அவர் ரஜ்ஜுவை விடட்டும், வேதையை எப்படி விடுவார்?" என்றார் எங்கள் ஜோசியர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு விதியைத் தளர்த்தினால் அடுத்த விதி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும், இரண்டையும் சேர்த்துத் தளர்த்தினால் அப்புறம் பொருத்தம் எதற்கு?

அம்மாவுக்கு மனசு விடவில்லை. பையன் குணம், வேலை, குடும்பம் எல்லாம் பிடித்திருந்தது. செயலியில் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுக்காமல், இந்த முறை தங்கை பிறந்த நேரத்தையும் ஊரையும் கொடுத்துப் பார்த்தேன். கார்த்திகை முதல் பாதம் என்று வந்தது! ராசி அதே மேஷம்தான். பிறப்பு ஜாதகம் வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதியது. செயலி கணக்குப் போட்டது திருக்கணிதப்படி. தங்கை பிறந்தது பரணி முடிய ஒரு நாழிகைகூட இல்லாத நேரம். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திரம் முடிகிற நேரம் சில நாழிகை மாறினாலே இப்படி ஆகிவிடும். ஒரு நாழிகை 24 நிமிடம்.

கார்த்திகை என்று வைத்தால் படம் தலைகீழ். கார்த்திகைக்கு வேதை விசாகம், அனுஷம் அல்ல. ரஜ்ஜுவும் வேறு வேறு. தினமும் சேர்ந்துவிட்டது. பதிலுக்குக் கணமும் மாகேந்திரமும் போயின. கூட்டினால் பத்துக்கு ஏழு. அம்மா சந்தோஷப்பட்டார். ஜோசியர் ஒத்துக்கொள்ளவில்லை. "எந்தப் பஞ்சாங்கம்னு முதல்ல முடிவு பண்ணி, ரெண்டு ஜாதகத்தையும் அதுல போடு. பொருந்தற பஞ்சாங்கத்தைத் தேடிப் போகாதே" என்றார். தசை இருப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டேன். பரணியின் கடைசி நாழிகையில் பிறந்தால் சுக்கிர தசை இருப்பே நாலு மாதம்தான், அது முடிந்ததும் சூரிய தசை. கார்த்திகைத் தொடக்கம் என்றால் சூரிய தசையிலேயே பிறப்பு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சில மாதங்கள். நடந்து முடிந்த வாழ்க்கையை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது என்று கையை விரித்தார்.

பையன் வீட்டில் கோயில், திதி, திருமணம் எல்லாமே வாக்கியப்படி. பஞ்சாங்கம் மாற்றிப் பொருந்தவைத்ததை அவர்கள் அம்மா விரும்பவில்லை. இரண்டு வீடும் மரியாதையாகவே நிறுத்திக்கொண்டோம்.

அதன் பிறகு தங்கையின் ஜாதக நகலின் பின்பக்கம் எழுதிவைத்தேன்: வாக்கியப்படி பரணி, திருக்கணிதப்படி கார்த்திகை 1. வாக்கியப்படியே போவது என்று வீட்டில் முடிவு செய்துகொண்டோம். தரகரிடம் வேண்டாம் என்று சொன்ன நட்சத்திரங்கள் பரணி, பூசம், பூரம், அனுஷம், பூராடம், உத்திரட்டாதி. தொடை ரஜ்ஜு ஆறும் இவைதான், வேதைக்குரிய அனுஷமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. நட்சத்திரத்தின் விளிம்பில் பிறந்த பையன் ஜாதகம் வந்தால் மட்டும், எந்தப் பஞ்சாங்கத்தில் எழுதியது என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு பார்க்கிறோம்.