அம்மாவோட கீமோ டோஸ்: 415 எப்படி 350 ஆச்சு, 350 எப்படி 305 ஆச்சு

அம்மாவுக்கு 58 வயசு, கர்ப்பப்பை பக்கத்துல இருக்கிற சினைப்பைல கேன்சர். பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின் ரெண்டும் மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு சொன்னாங்க. மருந்து பேரு, பக்க விளைவு எல்லாம் நெட்ல கொட்டிக் கிடக்கு, ஆனா சீட்டுல எழுதுற அந்த மில்லிகிராம் எங்கேர்ந்து வருதுன்னு யாரும் தமிழ்ல எழுதி நான் பாக்கல, அதான் எழுதுறேன்.

முதல்ல வெயிட் விஷயம். அட்மிஷன் அன்னிக்கு அம்மா 60 கிலோ, ஆனா வயிறு முழுக்க நீர். ட்யூட்டி டாக்டர் "இந்த வெயிட்டுக்கு கணக்கு போட வேணாம், நீர் எடுத்தப்புறம் நிக்க வைங்க"ன்னுட்டாங்க. நீர் எடுத்துட்டு நிக்க வெச்சா 54. உயரம் கேட்டதுக்கு அம்மா "அஞ்சடிக்கு கொஞ்சம் மேல இருப்பேன் கண்ணு"ன்னாங்க, சிஸ்டர் சிரிச்சுக்கிட்டே செவுத்துல ஒட்டியிருந்த ஸ்கேல்ல நிக்க வெச்சு அளந்தாங்க, 152 சென்டிமீட்டர். இந்த ரெண்டு நம்பர்லதான் பாக்லிடாக்சல் டோஸ் நிக்குது:

```
BSA = √(உயரம் செ.மீ × எடை கிலோ ÷ 3600)
    = √(152 × 54 ÷ 3600) = 1.51 ச.மீ
175 மி.கி × 1.51 = 264 மி.கி
```

175ங்கிறது ஒரு சதுர மீட்டருக்கு போடுற பாக்லிடாக்சல் மில்லிகிராம். பிஎஸ்ஏன்னா உடம்போட மேல்பரப்பு, அதாவது தோலை விரிச்சா எத்தனை சதுர மீட்டர் வரும்னு ஒரு உத்தேசக் கணக்கு. மேல இருக்கிற ஃபார்முலா 1987ல மோஸ்டெல்லர்ங்கிறவர் சுருக்கிக் குடுத்தது, அதுக்கு முன்னாடி 1916ல டு போய்ஸ்னு ரெண்டு பேர் போட்ட ஃபார்முலா இருந்தது, அதுக்கு அவங்க அளந்தது வெறும் 9 பேரைத்தான்! அந்த ஒம்போது பேர் தோல் அளவுலேர்ந்து கிளம்புன கணக்கு இன்னிக்கும் உலகம் முழுக்க கீமோ சீட்டுல உக்காந்திருக்கு. மருந்தை கழிக்கிறது லிவரும் கிட்னியும், தோலுக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் கம்மி, ஒரே பிஎஸ்ஏ இருக்கிற ரெண்டு பேருக்கு ஒரே டோஸ் போட்டாலும் ரத்தத்துல மருந்து அளவு நல்லா வித்தியாசப்படலாம்னு டாக்டரே சொன்னாங்க. இதை வெச்சு ஆரம்பிச்சுட்டு, அடுத்த ரவுண்டுக்கு முன்னாடி பிளட் கவுன்ட் என்ன சொல்லுதோ அதுக்கு ஏத்தபடி சரி பண்றதுதான் நடைமுறை.

264 வந்தாலும் சீட்டுல 260ன்னுதான் எழுதுனாங்க. கீமோ மருந்து கலக்குற ரூம்ல இருந்த ஃபார்மசிஸ்ட் அக்காகிட்ட கேட்டேன். "260 மில்லிகிராம்லயே ஒரு வயல் வருதும்மா, நாலு மில்லிகிராமுக்காக இன்னொரு பாட்டில் உடைக்க மாட்டோம், அஞ்சு பர்சன்ட்டுக்குள்ள ரவுண்ட் பண்ணா பரவாயில்ல"ன்னாங்க. நாலு மில்லிகிராம்னா ரெண்டு பர்சன்ட் கூட இல்ல, சரின்னு விட்டுட்டேன்.

இப்ப கார்போபிளாட்டின். இதுக்கு பிஎஸ்ஏ பாக்கவே மாட்டாங்க. இந்த மருந்து பெரும்பாலும் கிட்னி வழியாத்தான் வெளிய போகுது, அதனால கிட்னி எவ்வளவு வேகமா வடிகட்டுதோ அதுக்கேத்த மாதிரி ஊத்தணும். டாக்டர் மில்லிகிராம்ல யோசிக்காம "ஏயூசி 5"ன்னு ஒரு டார்கெட் எழுதுவாங்க. ஏயூசின்னா மருந்து ரத்தத்துல எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, ரெண்டையும் சேத்த மொத்த அளவு. அந்த அளவுக்கு வர எத்தனை மில்லிகிராம் வேணும்னு 1989ல கால்வெர்ட்ங்கிறவர் குடுத்த ஃபார்முலா கீழ ரெண்டாவதா இருக்கு. முதல்ல இருக்கிறது கிட்னி வேகத்துக்கு காக்ராஃப்ட், கால்ட்னு ரெண்டு பேர் போட்டது. அதுல வர்ற கிரியேட்டினின், கிட்னி வடிகட்டி வெளிய தள்ற ஒரு கழிவு, ரத்தத்துல அளப்பாங்க, அம்மாவுக்கு அப்ப 0.9:

```
கிட்னி வேகம் = (140 − வயசு) × எடை × 0.85 ÷ (72 × கிரியேட்டினின்)
            = 82 × 54 × 0.85 ÷ (72 × 0.9) = 58
டோஸ் = AUC × (கிட்னி வேகம் + 25)
     = 5 × (58 + 25) = 415 மி.கி
```

0.85 பொம்பளைங்களுக்கு மட்டும், ஆம்பளைங்களுக்கு அது கிடையாது. கடைசில வர்ற 25 எதுக்குன்னா, கிட்னி வழியா போகாம உடம்புத் திசுக்கள்லயே ஒட்டிக்கிட்டு காணாம போற பங்கு. இங்கதான் அந்த 60 கிலோ எனக்கு உறைச்சது. வயித்து நீரோட 60ன்னு போட்டிருந்தா கார்போபிளாட்டின் 415க்கு பதிலா 448 வந்திருக்கும், பாக்லிடாக்சல் 264க்கு பதிலா 279. பிஎஸ்ஏல ரூட் எடுக்கிறதால தப்பு பாதியா அமுங்கிடுது, கிட்னி கணக்குல எடை நேரா பெருக்கல்ல நிக்குது, அதனால அங்க அதிகமா அடிக்கும்.

முதல் ரவுண்டு பரவால்ல. ரெண்டாவதுக்கு அப்புறம் வாந்தி, சாப்பாடு இறங்கல, உடம்பு வலி வேற. பாக்லிடாக்சல் போட்டு ரெண்டு மூணு நாள்ல மூட்டும் தசையும் முறுக்கி எடுக்கும், அது தெரிஞ்ச விஷயம். அம்மா அதுக்கு தன்னோட பழைய முட்டிவலி மாத்திரையை, டைக்ளோஃபினாக், டப்பாலேர்ந்து எடுத்து போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, யார்கிட்டயும் சொல்லல. மூணாவதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்தா கிரியேட்டினின் 1.3, எடை 51.

டாக்டர் ரிப்போர்ட்டை பாத்துட்டு முதல்ல கேட்டதே "வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களாம்மா?" அம்மா என் மூஞ்சியை பாக்குறாங்க. உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கறப்ப அந்த வகை மாத்திரை கிட்னிக்கு போற ரத்தத்தை இன்னும் குறைச்சுடுமாம். நான் போன்ல கணக்கு போட்டு "கிட்னி வேகம் 38 வருது டாக்டர், அப்ப 315 மில்லிகிராம் போட்டுடலாம் இல்ல?"ன்னேன். அவங்க சொன்ன பதில் எனக்கு பெரிய பாடம். இந்த ஃபார்முலா கிரியேட்டினின் ஒரே அளவுல நிக்குறப்ப மட்டும்தான் உண்மை சொல்லும், ஏறிக்கிட்டோ இறங்கிக்கிட்டோ இருக்கறப்ப அது நேத்து நிலைமையைத்தான் காட்டும், ஏறிக்கிட்டு இருந்தா நிஜ கிட்னி வேகம் 38ஐ விட கம்மியாவே இருக்கலாம். அதனால அன்னிக்கு கீமோ இல்ல. வலி மாத்திரைய நிறுத்தி, சலைன் ஏத்தி, அடுத்த வாரம் திரும்ப பாத்தா 1.1, ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை, அதே 1.1. நின்னுடுச்சுன்னு முடிவு பண்ணி அதுக்கு கணக்கு போட்டாங்க: கிட்னி வேகம் 45, டோஸ் 5 × 70, 350 மில்லிகிராம்.

வீட்ல பெரிய கலவரம். மாமா "415 போட்டுட்டு இருந்தவங்க 350 போடுறாங்க, மருந்தை குறைச்சுட்டாங்க, கேன்சருக்கு பத்துமா?"ன்னு ஒரே சத்தம். அதுக்கு மேல, 450 மில்லிகிராம் வயலை நாங்கதான் காசு குடுத்து வாங்கி குடுத்திருக்கோம், 100 மில்லிகிராம் கீழ கொட்டறதா? முழுசா போட்டுட சொல்லும்மான்னார். நான் பேப்பர்ல எழுதி காட்டினேன். இப்ப கிட்னி மெதுவா இருக்கு, மருந்து உடம்புல அதிக நேரம் தங்கும், அதனால 350லயே அதே ஏயூசி 5 கிடைச்சுடும், முன்னாடி 415ல கிடைச்ச அதே அளவு. 450 முழுசா போட்டா 450 ÷ 70, ஏயூசி 6.4. முதல்ல அடி வாங்கறது பிளேட்லெட்தான். மாமா கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர், பேப்பரை வாங்கி அவரே ஒரு தடவை போட்டு பாத்துட்டு ஒண்ணும் பேசல.

இதே கணக்கு இன்னொரு பக்கமும் ஏமாத்தும். கிரியேட்டினின் தசைலேர்ந்து வர்றது, ரொம்ப மெலிஞ்சு தசை கரைஞ்சவங்களுக்கு அது 0.4னு சூப்பரா தெரியும், ஃபார்முலால போட்டா கிட்னி வேகம் 120, 130னு பறக்கும், நிஜத்துல அப்படி இருக்காது. அதனால நிறைய இடத்துல 0.7 இல்லேன்னா 0.8னு ஒரு கீழ் எல்லை வெச்சு, அதுக்கும் கீழ வந்தா அந்த எல்லை நம்பரையே கணக்குல போடறாங்க. கிட்னி வேகம் 125க்கு மேல எடுக்காதீங்கன்னு அமெரிக்க எஃப்டிஏவும் 2010ல சொல்லியிருக்கு, அப்படின்னா ஏயூசி 5க்கு எவ்வளவு போனாலும் 750 மில்லிகிராம்தான் உச்சம்.

லிவர் கதை வேற. பாக்லிடாக்சலை உடைக்கிறது லிவர், வெளிய தள்ளுறது பித்தம் வழியா, அதனால ஒவ்வொரு தடவையும் ரத்தத்துல பிலிருபின் பாப்பாங்க, அது லிவர் பித்தம் வழியா வெளிய தள்ற ஒரு மஞ்சள் நிறக் கழிவு. அம்மாவுக்கு கடைசி வரைக்கும் 1க்குள்ளயே இருந்தது, கிரியேட்டினின் ஏறினப்ப கூட பாக்லிடாக்சலை தொடல, எடை குறைஞ்சதுக்கு 257 வந்தது, அதே 260 வயல்தான். ஆனா பக்கத்து சேர்ல ஒரு அக்கா, மார்பக கேன்சர் லிவருக்கு பரவினவங்க, அவங்களுக்கும் மூணு வாரத்துக்கு ஒண்ணு பாக்லிடாக்சல், பிலிருபின் 2.0. லேப்ல நார்மல் உச்சம் 1.2ன்னா இது அதுக்கு ஒண்ணே முக்கால் மடங்குக்கு கொஞ்சம் கம்மி. மூணு மணி நேர டிரிப்புக்கு மருந்து கம்பெனி குடுக்கிற அட்டவணைல ஒண்ணேகால் மடங்கு வரைக்கும் 175, அதுக்கு மேல ரெண்டு மடங்கு வரைக்கும் 135, அதைத் தாண்டி அஞ்சு மடங்கு வரைக்கும் 90, அதுக்கும் மேல போடாதீங்கன்னு இருக்கு. அவங்களுக்கு 135 போட்டாங்க. கிட்னிக்கு இருக்கிற மாதிரி லிவர் வேகத்தை ஒரே நம்பரா சொல்ற டெஸ்ட் கிடையாது, அதான் இப்படி படிக்கட்டு மாதிரி இறங்குறாங்க. 2.4ஐ தாண்டினா அதே அக்காவுக்கு 90தான்.

அஞ்சாவது ரவுண்டுக்கு முன்னாடி அம்மாவுக்கு பிளேட்லெட் 82,000. ஒரு லட்சத்துக்கு மேல வந்தாத்தான் போடுவோம்னு ஒரு வாரம் தள்ளி வெச்சாங்க. அப்புறம் ஏறிடுச்சு, இந்த தடவை எடை 53, கிரியேட்டினின் 1.0, கிட்னி வேகம் 51. ஏயூசி 5க்கு 380 வரணும். ஆனா சீட்டுல 305. நான் உடனே "கணக்கு தப்பா டாக்டர்?"னு கேட்டேன். இல்ல, இது நிஜமாவே குறைச்சது, பிளேட்லெட் விழுந்ததால ஏயூசி 5லேர்ந்து 4க்கு இறக்கியிருக்கேன், 4 × 76, 304, அதை 305ன்னு ரவுண்ட் பண்ணியிருக்குன்னாங்க. பாக்லிடாக்சல் மட்டும் பழையபடி 260, ஏன்னா பிளேட்லெட்டை அடிக்கிறதுல பெரிய கை கார்போபிளாட்டினோடது. மாமாவுக்கு போன் பண்ணி சொன்னேன், "இப்பதான்டி நிஜமா குறைச்சிருக்காங்க, முன்னாடி குறைக்கல"ன்னு அவரே எனக்கு திருப்பி சொல்லிட்டு வெச்சுட்டார்.