வேன் போயிற்று, நிழல் போகவில்லை

பழைய வீடு ஒன்றின் முகப்பு. டிரைபாடில் ஆடாமல் நிற்கும் கேமரா. ஒன்பது விநாடிக் காட்சியின் நடுவில் ஒரு வெள்ளை வேன் இடமிருந்து வலமாகக் கடந்துபோனது. அந்த வேன் இருக்கக் கூடாது என்றார் இயக்குநர்.

சுற்றியுள்ள பிக்சல்களைப் பார்த்துத் தானே நிரப்பும் கருவியைத்தான் முதலில் ஓட்டினேன். ஐந்து ஜன்னல் கம்பிகள் நான்காகிவிட்டன. அடுத்த பிரேமில் மறுபடி ஐந்து. வேனுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது, ஊகித்தது.

நல்ல வேளையாக, ஒளிப்பதிவாளர் வேன் போன பிறகும் கொஞ்ச நேரம் கேமராவை ஓடவிட்டிருந்தார். அந்த வெற்றுத் தெருவின் ஒரு பிரேமை எடுத்து, வேன் வருவதற்கு முந்தைய பிரேம் ஒன்றின் மேல் வைத்து, லேயரின் கலப்பு முறையை `Difference` என்று மாற்றினேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் திரை கறுப்பாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. கம்பிகளின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடுகள் தெரிந்தன. சுவர் முழுவதும் லேசான சாம்பல் படர்ந்திருந்தது. ஓரக்கோடு என்றால் கேமரா நகர்ந்திருக்கிறது, பரவலான சாம்பல் என்றால் வெளிச்சம் மாறியிருக்கிறது. யாரோ டிரைபாடைத் தொட்டிருக்க வேண்டும், அரை பிக்சல் அளவு. பிரேமை அந்த அளவு நகர்த்தியதும் கோடுகள் அடங்கின. மேகம் விலகியதால் கூடிய வெளிச்சத்தை `Levels` வைத்துக் குறைத்தேன். கேமரா தானியங்கி எக்ஸ்போஷரில் இருந்திருந்தால் இந்த அளவு பிரேமுக்குப் பிரேம் மாறி, என் பொறுமையைச் சோதித்திருக்கும்.

பிறகு அந்த வெற்றுத் தெருப் பிரேமைக் காட்சியின் மேல் வைத்து, வேன் இருக்கும் இடத்தில் மட்டும் அது தெரியும்படி வேனைச் சுற்றி மாஸ்க் போட்டு, மாஸ்க்கை வேனோடு சேர்த்து நகர்த்தினேன். வேன் மறைந்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் சாலையில் ஏதோ ஒன்று ஊர்ந்துகொண்டே போனது. வேன் உள்ள பிரேமிலும் `Difference` வைத்து, வெளிச்சத்தை நன்றாகக் கூட்டிப் பார்த்தேன். வேனின் உருவம் மட்டுமல்ல, நடைபாதையில் நீண்ட நிழலும், சுண்ணாம்புச் சுவரில் வெள்ளை வேன் எறிந்த ஒளியும், ஜன்னல் கண்ணாடியில் அதன் பிம்பமும் தெரிந்தன. மாஸ்க் வேனின் வடிவத்தில் இருந்தால் போதாது, வேன் மாற்றிய இடம் அத்தனையையும் மூட வேண்டும். நிழல் மங்கி முடியும் இடத்தில் மாஸ்க்கின் ஓரத்தையும் மென்மையாக்கினேன்.

அதற்குப் பிறகும் ஓர் உறுத்தல். ஒட்டிய இடத்தில் மட்டும் கிரெயின், அதாவது படத்தில் ஓயாமல் துடிக்கும் நுண்புள்ளிகள், உறைந்து, படம் ஓடும்போது கண்ணாடித் துண்டு பதித்ததுபோல் இருந்தது. ஒற்றைப் பிரேமின் கிரெயின் அசையாதே! வெற்றுத் தெருவின் பதினாறு பிரேம்களைச் சராசரி எடுத்தேன். அதனால் கிரெயின் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அதன் மேல் அசல் காட்சிக்கு ஒத்த கிரெயினைப் புதிதாகத் தூவினேன்.

வேனுக்கு முன்னால் ஒரு மனிதர் நடந்திருந்தால், அவரைத் தலைமுடி வரை பிரேம் பிரேமாக வெட்டியெடுக்க வேண்டியிருந்திருக்கும். வாசலில் ஆடும் மரம் இருந்திருந்தால் சராசரி எடுத்ததில் இலைகள் குழம்பிப்போயிருக்கும். இரண்டும் இல்லை. ஐந்து கம்பிகளும் ஐந்தாகவே இருந்தன.