இரண்டு தலைப்பு, 28 நாள்: காளிங்கராயன் கட்டுரையை வைத்துச் செய்து பார்த்தது

ஈரோட்டில் இருந்துகொண்டு, கொங்கு நாட்டு ஊர், ஆறு, தொழில் பற்றி ஒரு சின்ன வலைத்தளம் நடத்தி வருகிறேன். வேலை முடிந்த பிறகு எழுதுவதுதான். முகப்புப் பக்கத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 240 பேர் வருகிறார்கள். அதில் எத்தனை பேர் ஒரு கட்டுரையைத் தொட்டு உள்ளே போகிறார்கள் என்பது பெரும்பாலும் தலைப்பின் கையில்தான் இருக்கிறது. காளிங்கராயன் வாய்க்கால் பற்றி எழுதியபோது எனக்கு இரண்டு தலைப்பு தோன்றியது.

அ: காளிங்கராயன் வாய்க்கால், பவானி முதல் ஆவுடையார்பாறை வரை

ஆ: பவானியில் எடுத்த தண்ணீர் நொய்யலில் போய்ச் சேரும் கதை

முதல் முயற்சி எதற்கும் உதவவில்லை. ஒரு வாரம் அ, அடுத்த வாரம் ஆ என்று மாற்றி வைத்தேன். ஆ வைத்த வாரத்தில் ஆடிப்பெருக்கு வந்தது. பவானி கூடுதுறையில் கூட்டம், எல்லோர் பேச்சிலும் தண்ணீர். அந்த வாரம் வாய்க்கால் பற்றி எந்தத் தலைப்பு வைத்திருந்தாலும் ஆட்கள் உள்ளே போயிருப்பார்கள். தலைப்பால் கூடியதா, பதினெட்டால் கூடியதா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. இரண்டு தலைப்பும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி ஆட்களுக்குப் போக வேண்டும். அதற்கு வருகிறவரைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிக்க முடியும். அதோடு, ஒருமுறை அ பார்த்தவர் நாளைக்கு வந்தாலும் அதையேதான் பார்க்க வேண்டும். இதற்கு எழுதியது இவ்வளவுதான்:

```
let t = localStorage.getItem("t");
if (!t) {
  t = Math.random() < 0.5 ? "அ" : "ஆ";
  localStorage.setItem("t", t);
}
```

ஒரு ஆள் எத்தனை முறை வந்தாலும் ஒரு வருகை, எத்தனை முறை தொட்டாலும் ஒரு தொடுகை என்றுதான் எண்ணினேன். ஒரே ஆள் பத்து முறை தொட்டதைப் பத்து பேர் தொட்டதாக எண்ணினால் பின்னால் போடுகிற கணக்கு எதுவும் நிற்காது.

இதை ஓட விடுவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் ஒரே தலைப்பையே வைத்து பத்து நாள் ஓட்டிப் பார்த்தேன். இந்தப் பத்து நாளை வீண் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு மொத்த வேலையிலும் மிக அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். 2,500 பேர் வந்ததில் அ பக்கம் 1,345, ஆ பக்கம் 1,155. பாதிக்குப் பாதி என்றால் ஆளுக்கு 1,250 வர வேண்டும். 2,500 முறை காசு சுண்டினாலும் சரியாக 1,250 விழாதுதான். ஆனால் பெரும்பாலும் இங்கும் அங்கும் 50க்குள் அடங்கிவிடும். இங்கே 95 தள்ளி நிற்கிறது. போதாததற்கு, தலைப்பு ஒன்றுதான் என்றாலும் ஆ பக்கம் தொடுகிறவர்கள் விகிதம் கூடுதலாகக் காட்டியது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி ஆனது. அ தலைப்பைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தேன், ஆ தலைப்பை மட்டும் பக்கம் திறந்த பிறகு நிரல் வந்து மாற்றியது. அ பக்கம் வந்தவரைப் பக்கம் திறந்த உடனே எண்ணிவிட்டேன். ஆ பக்கம் வந்தவரைத் தலைப்பு மாறிய பிறகுதான் எண்ணினேன். பழைய போனில், சிக்னல் இழுக்கிற இடத்தில், அந்த இடைவெளி ஓரிரு நொடி. அதற்குள் பொறுமையில்லாமல் போய்விட்டவர்கள் ஆ கணக்கில் வரவே இல்லை. போய்விட்டவர்கள் எப்படியும் தொடப் போவதில்லை. அதனால் ஆ பக்கம் ஆளும் குறைந்தது, விகிதமும் ஏறியது. நேராகச் சோதனையில் இறங்கியிருந்தால், ஆ தலைப்பு பிரமாதம் என்று எழுதி வைத்திருப்பேன். இரண்டு தலைப்பையும் நிரலே எழுதும்படி மாற்றி, எண்ணுகிற இடத்தையும் ஒன்றாக்கிய பிறகு இரண்டு பக்கமும் சமமாக வந்தது.

அப்புறம்தான் எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு. முகப்பில் என் கட்டுரைகளை வழக்கமாக 100க்கு 8 பேர் தொடுகிறார்கள். அது 10 ஆனால் தலைப்பை மாற்றுவதில் அர்த்தம் உண்டு, அதற்கும் குறைந்த வித்தியாசம் எனக்குப் பெரிதில்லை என்று முடிவு செய்தேன். இதற்குக் கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு வேண்டிய ஆட்கள்:

```
n = 16 × p × (1 − p) ÷ d²
  = 16 × 0.09 × 0.91 ÷ 0.02²
  ≈ 3276
```

p என்பது 8க்கும் 10க்கும் நடுவில் உள்ள 9 விழுக்காடு, d என்பது பிடிக்க நினைக்கிற 2 விழுக்காடு வித்தியாசம். அந்த 16, வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் 100க்கு 80 தடவை கண்ணில் படும், இல்லாத ஒன்றை இருக்கிறது என்று 100க்கு 5 தடவைக்கு மேல் சொல்லிவிடாது என்ற அளவிலிருந்து வருகிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 6,600 பேர். நாளைக்கு 240 என்றால் 28 நாள். சரியாக நாலு வாரமாக அமைந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் என்னிடம் ஞாயிறு வருகிறவர்கள் வேறு ஆட்கள். திருப்பூர் கம்பெனிகளுக்கு லீவு, நிதானமாகப் படிக்கிறார்கள். அரை வாரத்தில் நிறுத்தினால் ஏதோ ஒரு வகை ஆள் கணக்கில் கூடிவிடுவார். தினசரி காலண்டரில் 28ஆம் நாளை வட்டம் போட்டு, பக்கத்தில் 'தொடுகை மட்டும்' என்று எழுதி வைத்தேன். பிற்பாடு தொடுகையில் தோற்றால் படித்த நேரத்தை எடுத்துக் காட்டலாம் என்ற ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

நாலாம் நாள் ராத்திரி எடுத்துப் பார்த்தேன். அ: 480 பேரில் 34 பேர், 7.1 விழுக்காடு. ஆ: 470 பேரில் 54 பேர், 11.5 விழுக்காடு. கணக்குப் போட்டால், இரண்டு தலைப்பும் உண்மையில் சமம் என்று வைத்தாலும் இவ்வளவு இடைவெளி தற்செயலாக வர 100க்கு 2 வாய்ப்புதான் என்று வருகிறது. வழக்கமான 5 என்ற கோட்டுக்கு நன்றாகக் கீழே. நிறுத்திவிடலாம் என்றே நினைத்தேன்.

அந்த வாரம் தங்கையும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறார். அவரிடம் போனைக் காட்டினேன்.

"ஏனுங்க மச்சான், எத்தனை பேருன்னு முன்னாடியே முடிவு பண்ணித்தான ஆரம்பிச்சீங்க?"

"ஆமாங்க மாப்பிள்ளை, 6,600."

"இப்போ 950தான ஆகுது? எங்ககிட்ட 3,000 பீஸ் லாட் வந்தா 125 பீஸ் எடுத்துப் பார்க்கோணும். 7 டேமேஜ் வரைக்கும் பாஸ், 8 வந்தா ஃபெயில். 20 பீஸ் நல்லா இருக்குதுன்னு பெட்டிய மூடிட்டுப் போனா விடுவாங்களா? ஃபெயில் ஆயிருச்சுன்னு பாஸ் ஆகிற வரைக்கும் இன்னும் இன்னும் எடுத்துப் பார்க்கவும் கூடாதுங்க."

அவர் சொன்னது தரச் சோதனைக்கான ஏக்யூஎல் 2.5 அட்டவணை. பனியன் துறையில் எல்லோருக்கும் பழக்கமான ஒன்று. நாலு நாளாக நான் செய்யத் துடித்தது, அங்கே வேலையை விட்டு அனுப்பக் காரணமாகிற காரியம்.

அவர் சொன்னதை நானே சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது. கம்ப்யூட்டரில் போலியாக 1,000 சோதனை ஓட்டினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ஒரே விகிதம், அதாவது வெற்றி என்று ஒன்று கிடையவே கிடையாது. 28ஆம் நாள் மட்டும் பார்த்தபோது 5 விழுக்காட்டுக்குப் பக்கமாக ஏமாந்தது. தினமும் பார்த்து, கோட்டைத் தாண்டிய அன்றே நிறுத்தியபோது 268 தடவை ஏமாந்தது. நாலில் ஒன்றுக்கும் மேல். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஆர்மிடேஜ் என்ற புள்ளியியலாளரும் அவரோடு சேர்ந்த இருவரும் 1969லேயே இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். 20 முறை எட்டிப் பார்த்தால் அந்த 5 விழுக்காடு ஏறக்குறைய 25 ஆகிவிடும். இன்னொன்றும் தெரிந்தது. ஆள் குறைவாக இருக்கும்போது பெரிய இடைவெளி மட்டும்தான் கோட்டைத் தாண்ட முடியும். ஆகவே முதல் நாட்களில் 'ஜெயித்தது' என்று காட்டுகிற எதுவும் பெரும்பாலும் உண்மை அளவைவிடப் பெருத்தே தெரியும்.

எண்ணிக்கை இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா, பக்கம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று மட்டும் தினமும் பார்த்தேன். அதைப் பார்ப்பதில் தவறில்லை, பழுது இருந்தால் உடனே நிறுத்தத்தான் வேண்டும். தொடுகைப் பத்தியை மறைத்து வைத்துவிட்டேன்.

28ஆம் நாள் வந்தது இது. அ: 3,342 பேரில் 281, அதாவது 8.4 விழுக்காடு. ஆ: 3,378 பேரில் 307, அதாவது 9.1 விழுக்காடு. நாலாம் நாள் 4.4 ஆக இருந்த இடைவெளி 0.7க்கு வந்துவிட்டது. பிழை எல்லையைப் போட்டுப் பார்த்தேன். இங்கே d என்பது கிடைத்த வித்தியாசம், p₁, p₂ இரண்டு பக்கத்து விகிதம், n₁, n₂ இரண்டு பக்கத்து ஆட்கள்:

```
d ± 1.96 × √( p₁(1−p₁)/n₁ + p₂(1−p₂)/n₂ )
0.7 ± 1.35
```

அதாவது ஆ தலைப்பு உண்மையில் 0.7 குறைவாகவும் இருக்கலாம், 2 கூடுதலாகவும் இருக்கலாம். இதை 'இரண்டும் சமம்' என்று சொல்லக் கூடாது, 'இத்தனை பேரை வைத்துச் சொல்ல முடியவில்லை' என்றுதான் சொல்ல முடியும். இன்னும் ஒரு வாரம் ஓட்டினால் ஜெயித்துவிடும் என்று மனசு சொன்னது. அதுவும் மாப்பிள்ளை சொன்ன, பாஸ் ஆகிற வரை பெட்டியைத் திறக்கிற வேலைதான். நிறுத்திவிட்டேன். அ தலைப்பையே வைத்தேன், வாய்க்காலின் பேரைப் போட்டுத் தேடுகிறவருக்கு அதுதான் உதவும்.

அடுத்து மஞ்சள் கட்டுரை. இந்த முறை தலைப்புகளை நன்றாக விலக்கி வைத்தேன். ஒன்று 'ஈரோட்டு மஞ்சள்'. மற்றது 'மஞ்சளை ஏன் வேகவைத்த பிறகு காயவைக்கிறார்கள்?' அதே 28 நாள், அதே மறைத்த பத்தி. முதலாவது 3,361 பேரில் 252, 7.5 விழுக்காடு. இரண்டாவது 3,359 பேரில் 356, 10.6 விழுக்காடு. வித்தியாசம் 3.1, பிழை எல்லை 1.7 முதல் 4.5 வரை. பூஜ்யம் அதற்குள் வரவே இல்லை. நாலு வாரத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன், நாலிலும் கேள்வித் தலைப்புதான் முன்னால். ஆள் எண்ணிக்கையும் இரண்டு பக்கமும் சமம். இதை நம்புகிறேன், தலைப்பை மாற்றிவிட்டேன்.

ஆனால் கேள்வியாகக் கேட்டதால் ஜெயித்ததா, வேகவைப்பது என்ற விஷயம் புதிதாக இருந்ததால் ஜெயித்ததா என்று இந்தச் சோதனை சொல்லாது. இரண்டும் ஒன்றாக மாறியிருக்கிறது. 'மஞ்சளை வேகவைத்த பிறகே காயவைக்கிறார்கள்' என்று கேள்வி இல்லாமல் ஒரு தலைப்பு எழுதி, கேள்வித் தலைப்போடு நேற்றிலிருந்து ஓட விட்டிருக்கிறேன். காலண்டரில் வட்டம் போட்டாயிற்று.