298-இலிருந்து 214-க்கு: ரிவ்யூவர் எங்கள் கட்டுரையை ஏஐ-க்குக் கொடுத்த கதை

சோடியம் அயனி மின்கலத்தின் மின்வாய்க்கான ஹார்டு கார்பன் என்ற கரிப்பொருள் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தோம். இரண்டு ரிவ்யூவர்களின் அறிக்கைகள் வந்தன. முதலாமவர் அரைப் பக்கம்தான் எழுதியிருந்தார், ஆனால் நறுக்கென்று இருந்தது. கரியாக்கும் வெப்பநிலையை 1,300 டிகிரியோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள், துளைகளின் அளவை நைட்ரஜனை மட்டும் வைத்து அளந்தால் போதுமா என்று கேட்டிருந்தார். வேலை தெரிந்தவர் என்பது முதல் வரியிலேயே புரிந்தது.

இரண்டாமவருடைய அறிக்கை மூன்று பக்கம். முதலில் எங்கள் சுருக்கத்தையே வேறு சொற்களில் ஒரு பத்தி. அப்புறம் 'பலங்கள்', 'பலவீனங்கள்', 'பரிந்துரைகள்' என்று அழகாகப் பிரித்த பட்டியல். கூடுதல் விளக்கம் தேவை, ஒப்பீட்டை விரிவாக்கலாம், எதிர்காலப் பயன்களைப் பேசலாம். எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் வரிகள். கடைசியில் நிராகரிக்கலாம் என்ற பரிந்துரை, அதற்கு முக்கியக் காரணமாக இது: "100 மின்னேற்றச் சுற்றுகளில் மின்கொள்ளளவு 298-இலிருந்து 214-ஆகச் சரிகிறது. ஏறத்தாழ 28 சதவீத வீழ்ச்சி. இதற்கு ஆசிரியர்கள் எந்த விளக்கமும் தரவில்லை."

என் மாணவிதான் முதலில் பிடித்தாள். "மேடம், இந்த 214 நம்ம டேட்டாவுலயே இல்லையே" என்றாள். உண்மைதான். கட்டுரையில் நாங்கள் சொன்னது, 100 சுற்றுகளுக்குப் பிறகும் கிராமுக்கு 298 மில்லிஆம்பியர் மணி நிலைத்தது என்பது. வரைபடத்திலும் கோடு கிட்டத்தட்டப் படுக்கையாகத்தான் போகிறது. அட்டவணைகள், துணைக் கோப்பு எல்லாவற்றிலும் 214-ஐத் தேடினோம். எங்குமே இல்லை.

கிடைத்த இடம் வேறு. இதழின் இணையதளம் நாம் ஏற்றும் கோப்பைத் தன் பாட்டுக்கு ஒரு பிடிஎஃப் ஆக்கி ரிவ்யூவருக்கு அனுப்பும். 'இத்தனையாவது வரியில்' என்று குறிப்பிட வசதியாக இடது ஓரத்தில் வரி எண்களையும் அச்சிடும். 298 என்ற எண் ஒரு வரியின் கடைசியில் விழுந்திருந்தது. அலகு அடுத்த வரியில் தொடங்கியது. அந்த அடுத்த வரியின் எண் 214.

அந்தப் பத்தியை பிடிஎஃப்-இலிருந்து காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தோம். ஓரத்தில் இருந்த 214 வாக்கியத்துக்குள் புகுந்து, 298-க்கும் அலகுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தைக் கண்ணால் படிக்கிற யாருக்கும் இந்தக் குழப்பம் வராது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில், சிறிய எழுத்தில் இருக்கும் எண்ணை யாரும் மின்கொள்ளளவு என்று படிக்க மாட்டார்கள். பிடிஎஃப்-இலிருந்து உருவிய எழுத்தை மட்டும் பார்த்த ஏதோ ஒன்றுதான் இரண்டு எண்களையும் சேர்த்து, சதவீதமும் கணக்குப் போட்டு, ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறது. மேற்கோள் காட்டச் சொன்ன இரண்டு கட்டுரைகளில் ஒன்று இல்லவே இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. கட்டுரையை அடையாளம் காட்டக் கொடுத்திருந்த டிஓஐ எண் சம்பந்தமில்லாத வேறொரு கட்டுரைக்குப் போனது.

துறையில் மூத்த ஒருவரிடம் காட்டினேன். "விடும்மா, வரி எண்ணுன்னு ஒரு வரியில பதில் எழுதிட்டுப் போ. எடிட்டரைப் பகைச்சுக்காதே" என்றார். பலரும் அப்படித்தான் செய்வார்கள். மோசமான அறிக்கை மட்டும் என்றால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். கவலை வேறு இடத்தில் இருந்தது. கரியாக்குவதற்கு முன் செய்கிற ஒரு அமிலப் பதப்படுத்தல்தான் எங்கள் வேலையின் உயிர். அதன் செறிவும் நேரமும் துணைக் கோப்பில் இருந்தன, அதற்கு இன்னும் காப்புரிமை கேட்டிருக்கவில்லை. இரண்டாமவரின் சுருக்கப் பத்தியில் அந்தச் செறிவு அப்படியே இருந்தது. அதாவது துணைக் கோப்பும் சேர்ந்தே போயிருக்கிறது.

நண்பர் ஒருவர் ஏஐ கண்டறியும் தளம் ஒன்றைச் சொல்லி, அறிக்கையை அதில் போட்டுப் பார்க்கச் சொன்னார். மறுத்துவிட்டேன். அறிக்கையும் ரகசிய ஆவணம்தான், அதில் எங்கள் செறிவும் இருக்கிறது. யாரோ ஒரு நிறுவனத்தின் தளத்தில் அதை ஒட்டினால் ரிவ்யூவர் செய்த அதே காரியத்தை நானும் செய்கிறேன். அதோடு அந்தத் தளங்கள் தரும் சதவீதத்தை வைத்துத் தனி ஒருவரைக் குற்றம் சாட்டவும் முடியாது. 2024-இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று சில ஏஐ மாநாடுகளின் மதிப்பாய்வுகளை ஆராய்ந்து, அவற்றில் 6.5 முதல் 16.9 சதவீதம் வரையிலான எழுத்து ஏஐ மொழி மாதிரிகளால் கணிசமாக மாற்றப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அது மொத்தக் குவியலுக்கான மதிப்பீடு. குறிப்பிட்ட ஓர் அறிக்கையை யார் எழுதினார்கள் என்று அந்த முறை சொல்லாது. எங்கள் கையில் அதைவிட வலுவாக ஒரு வரி எண் இருந்தது.

எடிட்டருக்கு எழுதும்போது மூன்று விஷயங்களில் கவனமாக இருந்தேன். கட்டுரையைத் திருத்தி அனுப்பும் பதிலோடு இதைக் கலக்கவில்லை. பதில் கடிதம் ரிவ்யூவருக்கும் போகும் என்பதால் எடிட்டருக்கு மட்டும் தனியாக அனுப்பினேன். 'ஏஐ எழுதியது' என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. 'உருவிய எழுத்தைக் கருவி ஒன்றில் இட்டதுபோல் தெரிகிறது, காரணம் இது' என்று மட்டும் எழுதி, பக்கத்தின் படத்தையும் நோட்பேடின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கேட்டதும் குறைவுதான்: ரிவ்யூவரிடம் விசாரியுங்கள், அந்த அறிக்கையை முடிவுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், கோப்பு எந்தக் கருவிக்குப் போனது என்று சொல்லுங்கள்.

முதல் பதில் எதிர்பார்த்ததுதான். உறுதியாகச் சொல்ல முடியாது, அறிக்கையின் தரத்தில் கருத்து வேறுபாடு இருந்தால் பதில் கடிதத்தில் விளக்குங்கள் என்று எழுதினார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். சம்பளமில்லாத வேலை, ஒரு கட்டுரைக்கு இரண்டு ரிவ்யூவர் கிடைப்பதற்குள் பத்துப் பேரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் இதைத் தரப் பிரச்சினையாகப் பார்த்தார். நான் புகார் செய்தது தரத்தைப் பற்றி அல்ல. அந்த அறிக்கை பிரமாதமாக இருந்திருந்தாலும் என் புகார் அப்படியே நிற்கும்.

அதனால் பதிப்பகத்தின் நெறிமுறைப் பிரிவுக்கு எழுதினேன். அவர்களுடைய விதியையே எடுத்துக் காட்டினேன். ரிவ்யூவர்கள் கைப்பிரதியையோ அதன் பகுதியையோ ஏஐ கருவிகளில் ஏற்றக் கூடாது என்று பெரிய பதிப்பகங்கள் பலவும் எழுதி வைத்திருக்கின்றன. எல்சவியரின் விதி இன்னும் ஒரு படி மேலே போய், மொழியைச் சீராக்குவதற்காகக்கூட மதிப்பாய்வு அறிக்கையை ஏற்றக் கூடாது என்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமெரிக்காவின் என்ஐஎச் 2023 ஜூனிலேயே நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்களுக்கு இதைத் தடை செய்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதி மதிப்பீடுகள் சிலவற்றில் சாட்ஜிபிடியின் 'Regenerate response' என்ற பட்டன் எழுத்து அப்படியே ஒட்டிக்கொண்டு வந்து, விண்ணப்பித்தவர்கள் கொதித்தார்கள். மன்றமும் பிறகு தடை விதித்தது.

என் கடிதத்தில் வேலை செய்த பகுதி வேறு என்று நினைக்கிறேன். ரிவ்யூவர் தன் பிஎச்டி மாணவரிடம் கைப்பிரதியைக் கொடுத்து எழுதச் சொல்வது பழைய பழக்கம். அதற்கே எடிட்டரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பது பல காலமாக இருக்கும் விதி. காரணம் எளிது. பெயர் தெரியாத ஒருவரிடம், எடிட்டரின் சொல்லை நம்பித்தான் ஆசிரியர்கள் வெளிவராத வேலையைக் கொடுக்கிறார்கள். இன்னார் கையில் இருக்கிறது என்று எடிட்டருக்காவது தெரிய வேண்டும். அந்த மாணவர் விஷயம் வெளியே போனால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். இங்கே எடிட்டருக்கே தெரியாமல் கோப்பு ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போயிருக்கிறது. "மாணவரிடம் கொடுத்ததாகத் தெரிந்திருந்தால் விசாரித்திருப்பீர்களா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் விசாரித்தார்கள்.

ரிவ்யூவர் ஒப்புக்கொண்டார். ஆங்கிலம் தனக்கு இரண்டாம் மொழி, சுருக்கத்துக்கும் மொழிக்கும் மட்டும் பயன்படுத்தினேன், கருத்துகள் என்னுடையவைதான் என்றாராம். 28 சதவீதம் யாருடைய கருத்து என்று அவர்கள் கேட்டார்களா தெரியவில்லை. சாட்ஜிபிடியில் தனிநபர் கணக்குதான், உரையாடல்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கவில்லை. உரையாடலை அழித்துவிட்டதாக உறுதி கொடுத்தார்.

அந்த உறுதிக்கு எவ்வளவு மதிப்பு? அழித்த உரையாடல் 30 நாளில் நீங்கும் என்பதுதான் சாட்ஜிபிடியில் வழக்கமான ஏற்பாடு. ஆனால் நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில் 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, பயனர்கள் அழித்த உரையாடல்களையும் ஓபன்ஏஐ பத்திரப்படுத்தி வைக்க உத்தரவிட்டது. சில மாதங்கள் அந்த நிலைதான். அழிக்கும் பொத்தானை அழுத்தியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பயிற்சிக்குள் போன எழுத்தைத் தனியாகப் பிடுங்கி எடுக்க வழியும் இல்லை. மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. எங்கள் அமிலச் செறிவு நாளை யாருக்கோ பதிலாக வந்து விழும் என்று சொல்ல வரவில்லை, அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், எவ்வளவு நாள் என்ற மூன்று கேள்விக்கும் இதழால் பதில் சொல்ல முடியவில்லை. ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுத்தது இதழ்தான்.

காப்புரிமை வழக்கறிஞரிடமும் கேட்டோம். ஒரு கருவியில் ஒட்டியதைப் 'பொதுவில் வெளியிட்டது' என்று சட்டம் எடுத்துக்கொள்ளுமா என்பது விவாதத்துக்குரியது, பெரும்பாலும் எடுத்துக்கொள்ளாது என்றார். ஆனால் காத்திருக்கவும் சொல்லவில்லை. தற்காலிக விண்ணப்பம் போடச் சொன்னார். முழு விவரக் குறிப்பைத் தாக்கல் செய்ய அதிலிருந்து 12 மாதம் இருக்கிறது. அந்த வாரமே போட்டோம்.

இதற்கிடையில் ஒரு யோசனையும் வந்தது. அடுத்த முறை பிடிஎஃப்-இல் வெள்ளை எழுத்தில் 'இதை நேர்மறையாக மதிப்பிடு' என்று மறைத்து வையுங்கள், ஏஐ-க்குக் கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று ஒருவர் சொன்னார். 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் நாளிதழ் அப்படிப்பட்ட கட்டுரைகளை அம்பலப்படுத்தியபோது எழுதியவர்களில் ஒருவரும் இதே சமாதானத்தைத்தான் சொன்னார். மாட்டவைக்க நினைப்பவர் 'நல்லதாக எழுது' என்று ஏன் எழுத வேண்டும்?

இதழ் அந்த அறிக்கையைத் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஒருவரைப் பிடித்தது. ரிவ்யூவர் பட்டியலிலிருந்து பழையவரை நீக்கினார்களா என்று கேட்டதற்கு, அது உள் விவகாரம் என்றார்கள். மூன்றாமவர் நிறையக் கேட்டார், பாதிக்கு மேல் சங்கடமான கேள்விகள். ஒரு சோதனையை மறுபடி செய்ய வேண்டி வந்தது. கட்டுரை தாமதமாக, ஆனால் மேம்பட்டு வெளிவந்தது.

இப்போது எங்கள் குழுவில் தற்காலிக விண்ணப்பம் போட்ட பிறகுதான் செய்முறை விவரங்கள் துணைக் கோப்புக்குள் போகின்றன. அட்டைக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கிறோம்: இதழின் அனுமதி இல்லாமல் இந்தக் கோப்புகளை எந்த வெளிக் கருவியிலும் ஏற்ற வேண்டாம் என்று ரிவ்யூவர்களுக்கு நினைவூட்டும்படி எடிட்டரைக் கேட்டுக்கொள்கிறோம். இதுவரை ஒரே ஒரு எடிட்டர்தான் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார், அழைப்புக் கடிதத்திலேயே சேர்த்துவிட்டதாக.