காந்த வளையத்தை எங்கே ஒட்டுவது? கார் மவுண்டோடு மூன்று வாரம்

கல்யாண சீசனில் காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே வாரம் இரண்டு தடவையாவது கார் ஓட்டுகிறேன். மேப் ஓடிக்கொண்டே இருப்பதால், சார்ஜ் ஏற்றும் காந்த மவுண்ட் ஒன்றை ஏசி வென்ட்டில் மாட்டினேன். என் போனில் வயர்லெஸ் சார்ஜிங் உண்டு, உள்ளே காந்தம் கிடையாது. அதனால் கேஸின் பின்னால் ஒட்டும் வளையம் ஒன்றைத் தனியாக வாங்கி, கண்மதிப்பில் நட்டநடுவே ஒட்டினேன்.

போன் கெட்டியாகப் பிடித்து நின்றது. சார்ஜ்தான் நிலைக்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் சார்ஜ் அறுந்து மறுபடி தொடங்கும். ஒரு மணி நேரம் ஓட்டி இறங்கியபோது 52 சதவீதம் 49 ஆகியிருந்தது, போனின் முதுகு தொட முடியாத அளவுக்குச் சூடு.

காரணம் இதுதான். காந்தம் போனைப் பிடித்து நிறுத்துகிறது. மின்சாரம் போவது மவுண்டில் உள்ள செப்புச் சுருளிலிருந்து போனில் உள்ள சுருளுக்கு. இரண்டும் விலகியிருந்தால் அதே மின்சாரத்தை அனுப்ப மவுண்ட் கூடுதலாக உழைக்க வேண்டும், மிச்சம் சூடாகப் போகும். அனுப்பியதற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் வித்தியாசம் அதிகமானால், நடுவில் ஏதோ உலோகம் இருக்கிறது என்று எண்ணி மவுண்ட் சார்ஜை நிறுத்திவிடும். போனின் சுருள் முதுகின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேமராவுக்கும் பேட்டரிக்கும் இடம் விட்டு அது தள்ளிப் போயிருக்கலாம்.

அந்த வளையத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சுருள் எங்கே என்று தேட உட்கார்ந்தேன். வளவில் ஆத்தங்குடிக் கல்லில் ஒரு துண்டை விரித்து, போனைக் கேஸோடு குப்புறப் படுக்க வைத்து, அதன் மேல் வட்ட சார்ஜரை வைத்தேன். சார்ஜரின் முதுகில் பேனாவால் கூட்டல் குறி. கேஸின் ஓரங்களில் கிராஃப் தாளைப் பட்டையாக வெட்டி ஒட்டினேன். அடாப்டருக்கும் வயருக்கும் நடுவே யூஎஸ்பி மீட்டர். சும்மா இருக்கும்போது அரை வாட்டுக்கும் கீழே காட்டும், சார்ஜ் பிடித்ததும் தாவும்.

அதிக வாட் காட்டும் இடத்தைத் தேடுவதில் பயன் இல்லை. நடுவைச் சுற்றி எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வருகிறது. தெளிவாகத் தெரிவது ஓரம்தான். கீழிருந்து மேலாக 2 மி.மீ. நகர்த்திப் பார்த்தேன். போனின் கீழ் விளிம்பிலிருந்து 66 மி.மீ.யில் முதன்முதலாகப் பிடித்தது, 82 தாண்டியதும் பிடிக்கவில்லை. ஆக நடு 74. முதுகின் நடுவோ 80. ஆறு மி.மீ. பிசகியிருக்கிறேன்! அகலவாக்கில் சரியாகவே இருந்தது.

இதில் ஒரு எச்சரிக்கை. சார்ஜரை இழுத்துக்கொண்டே போகக் கூடாது. ஒருமுறை பிடித்த சார்ஜ் விளிம்பு தாண்டியும் கொஞ்ச தூரம் விடாமல் வரும். ஒவ்வொரு தடவையும் தூக்கி, சில நொடி விட்டு, புதிதாக வைக்க வேண்டும்.

அடுத்து வளையம். செக்காலை ரோட்டுக் கடையில் அண்ணன் ஒருவர் இரண்டு வகை காட்டினார். "தம்பி, இது வெறும் இரும்பு, அது காந்தம். ரெண்டும் ஒட்டும்" என்றார். ஒட்டும்தான். ஆனால் வெறும் இரும்பு எங்கு வைத்தாலும் பிடிக்கும், நடுவுக்கு இழுக்காது. விடுபடாத முழு வட்டமாக இருந்தால் அதுவே ஒரு சுற்றுச் சுருள் போல மின்சாரத்தை வாங்கிச் சூடாகவும் செய்யும். காந்தத் துண்டுகள் அடுக்கிய வளையமே வேண்டும். பசைத்தாளை உரிக்கும் முன் சார்ஜரில் வைத்துப் பாருங்கள். சரியான பக்கமென்றால் தானாக வந்து நடுவில் உட்காரும், தலைகீழென்றால் பக்கவாட்டில் வழுக்கி ஓடும்.

74-இல் ஒட்டிய பிறகு அதே சாலை, அதே மேப். 52 சதவீதம் 59 ஆனது. வேகத்தடையில் ஒருமுறைகூட அறுபடவில்லை.

ஏழு சதவீதம்தானா என்று கேட்கலாம். மவுண்ட் பெட்டியில் Qi2 என்று இருக்கிறது, சீ டூ என்று வாசிக்க வேண்டும். வயர்லெஸ் சார்ஜிங்குக்கு 2023-இல் அறிவித்த தரம். ஐபோனில் 2020-இல் வந்த காந்த அமைப்பை அடிப்படையாகக் கொண்டது, 15 வாட் வரை தரும். 2025-இல் 25 வாட் வகையும் வந்துவிட்டது. ஆனால் அந்த வேகம் போனும் சீ டூவாக இருந்தால்தான். புதுத் தரம் 360 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, என் பழைய போனுக்கு அந்தப் பேச்சு தெரியாது. அதனால் மவுண்ட் பழைய முறைக்கு இறங்கி 5 வாட்தான் கொடுக்கிறது. அதில் பாதிக்கு மேல் மேப்பும் திரையும் தின்றுவிடும். கேஸில் வளையம் ஒட்டியதால் போன் சீ டூ ஆகிவிடாது. சுருள் நேராக நிற்கும், அவ்வளவுதான். புதுப் போன் வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும். "Qi2 Ready" என்று போட்ட சில போன்களில் உள்ளே காந்தம் இராது, காந்தம் வைத்த கேஸ் சேர்த்து வாங்கினால்தான் வேலை நடக்கும்.

போன ஞாயிறு கானாடுகாத்தானுக்கு அப்பத்தாவை அழைத்துப் போனபோது, குளிருகிறது என்று ஏசியை அணைக்கச் சொன்னார். பத்தே நிமிடத்தில் போன் சூடாகி சார்ஜை நிறுத்திக்கொண்டது. போனுக்குப் பின்னால் இருக்கும் வென்ட்டை மட்டும் திறந்து வைத்துக் குறைந்த காற்று விட்டேன். ஆத்தங்குடி விலக்கு வருவதற்குள் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது.